சென்னையிலிருந்து நெல்லூருக்கு ஆங்கிலம் வழியாக: இடைமொழி மொழிபெயர்ப்பில் பிழை எப்படிச் சேர்கிறது

சென்னையில் மாப்பிள்ளையின் குடும்பம், நெல்லூரில் அவர்களுடைய சம்பந்தி வீடு. இவர்களுக்குத் தெலுங்கு தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சென்னை வீட்டு அம்மா தன் கைப்பேசியில் இப்படி ஒரு செய்தி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"நாம எல்லாரும் வெள்ளிக்கிழமை திருப்பதி போறோம். சித்தப்பா நேத்தே டிக்கெட் எடுத்துட்டார். நீங்க சாப்பாடு கொண்டு வர வேண்டாம். எத்தனை மணிக்கு வர்றீங்க?"

நான்கே வாக்கியம், கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதால், இதைத் தெலுங்கில் சொல்வது எளிதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் செய்தி நேராகத் தெலுங்குக்குப் போகாமல், முதலில் ஆங்கிலமாகி அங்கிருந்து தெலுங்காக மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். இப்படி நடுவில் நிற்கும் மொழியை இடைமொழி என்று அழைக்கலாம்.

நடுவில் ஒரு மொழி எதற்கு என்ற கேள்வி முதலில் வரும். காரணம் எண்ணிக்கைதான். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. இவற்றில் எந்த மொழியிலிருந்தும் எந்த மொழிக்கும் நேராக மொழிபெயர்க்க வேண்டுமானால் 22-ஐ 21-ஆல் பெருக்கி 462 பாதைகள் வேண்டும். தமிழிலிருந்து தெலுங்குக்கு ஒன்று, தெலுங்கிலிருந்து தமிழுக்கு ஒன்று, சந்தாலியிலிருந்து கொங்கணிக்கு ஒன்று என்று கணக்கு நீளும். ஒவ்வொரு பாதைக்கும் அந்த இரண்டு மொழியும் தெரிந்த ஆள் வேண்டும். கணினிக்குக் கற்றுக்கொடுப்பதாக இருந்தால், அந்த இரண்டு மொழியிலும் வரிக்கு வரி பொருந்திய லட்சக்கணக்கான வாக்கியங்கள் வேண்டும். ஆங்கிலத்தை நடுவில் வைத்துவிட்டால் ஒவ்வொரு மொழிக்கும் ஆங்கிலத்துக்குப் போக ஒரு பாதை, வர ஒரு பாதை, ஆக 44 போதும். அதோடு, ஆங்கிலத்துடன் சேர்ந்த வாக்கிய இணைகள்தான் எல்லா மொழியிலும் அதிகம் கிடைக்கின்றன. சந்தாலியும் கொங்கணியும் நேராகச் சந்தித்துக்கொண்ட பக்கங்களைத் தேடிப் பிடிப்பது கடினம்.

நேர்ப்பாதைகள் முடியவே முடியாதவை என்று நினைக்க வேண்டாம். 2009-இல் ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக் குழு 22 மொழிகளுக்கு இடையே 462 மொழிபெயர்ப்பு அமைப்புகளைக் கட்டிக் காட்டியது. நம் 22-க்கும் அவர்களுடைய 22-க்கும் எண் ஒத்துப்போனது தற்செயல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள் எல்லா உறுப்பு மொழிகளிலும் வெளியாவதால், எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் பொருந்திய வாக்கியங்கள் அவர்கள் கையில் இருந்தன. அதனால்தான் அது முடிந்தது. நம்மிடம் அப்படிப்பட்ட குவியல் இல்லாததால் நம் செய்தி ஆங்கிலத்தின் வாசல் வழியாகப் போகிறது.

செய்தியின் பயணம்

முதல் படி, தமிழிலிருந்து ஆங்கிலம். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். "வீ ஆர் ஆல் கோயிங் டு திருப்பதி ஆன் ஃப்ரைடே. அங்கிள் பாட் தி டிக்கெட்ஸ் யெஸ்டர்டே. டோன்ட் பிரிங் ஃபுட். வாட் டைம் ஆர் யூ கமிங்?" இதில் தவறு என்று சுட்ட எதுவும் இல்லை. ஆங்கில ஆசிரியரிடம் காட்டினால் முழு மதிப்பெண் போடுவார்.

இரண்டாவது படி, ஆங்கிலத்திலிருந்து தெலுங்கு. இதைச் செய்பவரின் கையில் இருப்பது ஆங்கிலம் மட்டும். தமிழ் மூலத்தை அவர் பார்க்கவில்லை. அவரும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். கிடைக்கக்கூடிய தெலுங்கில் ஒன்று இது: "மேமந்தரம் சுக்ரவாரம் திருப்பதி வெள்துன்னாம். மாமய்ய நின்ன டிக்கெட்லு தீசுகுன்னாடு. ஆஹாரம் தீசுகுராவத்து. நுவ்வு என்னி கண்டலகு வஸ்துன்னாவு?"

ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதிலும் தவறில்லை. ஆனால் நெல்லூரில் இதைப் படிப்பவருக்குக் கிடைக்கும் செய்தி இதுதான்: "நாங்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை திருப்பதி போகிறோம். மாமா நேற்று டிக்கெட் எடுத்தான். சாப்பாடு கொண்டு வராதே. நீ எத்தனை மணிக்கு வருகிறாய்?"

அழைப்பு அறிவிப்பாக மாறிவிட்டது. டிக்கெட் எடுத்தவர் வேறு ஆளாகிவிட்டார், அவருக்கான மரியாதையும் போய்விட்டது. "உங்களுக்கு ஏன் சிரமம்" என்ற பொருளில் சொன்னது தடை உத்தரவாகிவிட்டது. சம்பந்தியை "நீ" என்று கூப்பிட்டாகிவிட்டது. நெல்லூர்க்காரர்கள் முறைப்படி நன்றி சொல்ல நினைத்து மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கூப்பிட்டால், டிக்கெட் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். இடைமொழி வழிப் பிழை என்றவுடன் யாரோ ஒருவர் சரியாகச் செய்யவில்லை என்று நினைக்கிறோம். இருவரும் சரியாகச் செய்தாலும் முடிவு தவறாக வரலாம்.

ஏன் என்பதை ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

தமிழில் "நாம்" என்றால் கேட்பவரும் சேர்ந்தவர், "நாங்கள்" என்றால் கேட்பவர் சேராதவர். தெலுங்கிலும் அப்படியே: நாம் என்பதற்கு மனம், நாங்கள் என்பதற்கு மேமு. இரண்டு பக்கமும் இரண்டு சொல், நேருக்கு நேர் பொருந்தும். ஆங்கிலத்தில் "வீ" ஒன்றுதான். நாமும் நாங்களும் அந்த ஒரே வாசல் வழியாக நுழைகின்றன. மறுபக்கம் தெலுங்கில் வெளியே வரும்போது மனமா மேமுவா என்று யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் பொதுவான சொல் தெலுங்கில் கிடையாது. தமிழம்மா ஏற்கெனவே எடுத்திருந்த முடிவு தொலைந்துபோனதால், வேறொருவர் அதைப் புதிதாக எடுக்கிறார், அதுவும் ஊகமாக.

சித்தப்பாவுக்கும் இதே கதைதான். சித்தப்பா தெலுங்கில் பாபாயி, பெரியப்பா பெத்தநான்ன, மாமா மாமய்ய. மூவரும் ஆங்கிலத்தில் "அங்கிள்". சம்பந்தி என்ற உறவுக்கே ஆங்கிலத்தில் வழக்கமான ஒரு சொல் இல்லை. தெலுங்கில் ஆணுக்கு விய்யங்குடு, பெண்ணுக்கு விய்யபுராலு என்று தனித்தனியாக இருக்கின்றன. நீயும் நீங்களும் தெலுங்கில் நுவ்வும் மீருவும், ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் "யூ". "நேத்தே" என்பதில் இருக்கும் ஏகாரத்துக்குக்கூடத் தெலுங்கில் அச்சு அசலான இணை உண்டு. நேற்றே என்பது நின்னனே. "முன்கூட்டியே முடித்துவிட்டோம், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்ற பொருள் அந்த ஒரு ஏகாரத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் "யெஸ்டர்டே" என்று எழுதியதும் அது உதிர்ந்துவிட்டது.

"வேண்டாம்" கொஞ்சம் வேறு மாதிரி. "கொண்டு வர வேண்டாம்" என்பது தமிழில் தேவையில்லை என்றும் பொருள்படும், கூடாது என்றும் பொருள்படும். சொல்பவரையும் இடத்தையும் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். தியேட்டர் வாசலில் எழுதியிருந்தால் தடை, சம்பந்தியம்மா சொன்னால் உபசாரம். ஆங்கிலத்தில் எழுதுபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவர் "டோன்ட்" என்று எழுதினார். அதைத் தெலுங்காக்கியவர் அதே கண்டிப்போடு "தீசுகுராவத்து" என்றார். நேராகத் தமிழிலிருந்து போயிருந்தால் "தீசுகுரானக்கர்லேது", அதாவது கொண்டு வரத் தேவையில்லை, என்று மென்மையாக வந்திருக்கும்.

நேராகப் போயிருந்தால் முழுச் செய்தியும் இப்படி இருந்திருக்கும்: "மனமந்தரம் சுக்ரவாரம் திருப்பதி வெள்துன்னாம். பாபாயி நின்னனே டிக்கெட்லு தீசுகுன்னாரு. மீரு போஜனம் தீசுகுரானக்கர்லேது. என்னி கண்டலகு வஸ்துன்னாரு?" தமிழ் வரியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனம் இருக்குமிடத்தில் நாம், ஆரு இருக்குமிடத்தில் ஆர் என்று கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பாபாயி என்று நான் எழுதியிருப்பதில் வரும் "பா" தெலுங்கில் "பால்" என்பதில் வருவது போன்றதா, "பாக்கியம்" என்பதில் வருவது போன்றதா என்று தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தெலுங்கில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் ஒன்று. நான் எழுத்துப்பிழை எதுவும் செய்யவில்லை, ஆனாலும் ஒரு தகவல் தொலைந்துவிட்டது. தெலுங்கு தெரியாத ஒருவர் இதைத் திரும்பத் தெலுங்கு எழுத்தில் எழுத முயன்றால் ஊகிக்கத்தான் வேண்டும். நடுவில் இருப்பது குறுகலாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் இந்தப் பக்கத்திலேயே பார்க்கலாம். குறுகல் என்பது ஆங்கிலத்துக்கு மட்டுமான குறை அல்ல.

இல்லாததைச் சேர்ப்பது

இதுவரை பார்த்தது ஆங்கிலத்தில் இடமில்லாததால் உதிர்ந்தவை. ஆங்கிலம் கட்டாயப்படுத்துவதால் புதிதாக வந்து ஒட்டிக்கொள்பவையும் உண்டு. என் கருத்தில் இவைதான் அதிக ஆபத்தானவை, ஏனென்றால் தொலைந்தது வெற்றிடமாகத் தெரியலாம், ஒட்டியது உண்மை போலவே தெரியும்.

"அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆணா பெண்ணா என்று தமிழ் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆங்கிலத்தில் "ஹீ" அல்லது "ஷீ" என்று எழுதியாக வேண்டும். முன்பின் வரிகளைப் பார்க்காத இயந்திரம் பெரும்பாலும் "ஹீ" என்று எழுதிவிடும். அங்கிருந்து தெலுங்குக்குப் போனால் "அதனு செப்பாடு" என்று வரக்கூடும். அதாவது ஆண், அதுவும் மரியாதை விகுதி இல்லாமல். நோயாளி பார்த்தது பெண் மருத்துவர் என்றால், கடிதத்தைப் படிப்பவர் வேறு யாரோ ஒரு மருத்துவரும் இதில் இருக்கிறார் என்று நினைத்துவிடுவார். தெலுங்கில் ஆண்பால் பெண்பால் காட்டாமல் "செப்பாரு" என்று மரியாதையோடு சொல்ல வழி இருந்தது. அந்த வழி பயன்படாமலே போனது.

உதிர்வும் ஒட்டலும் இப்படியென்றால், மூன்றாவதாக இரண்டாம் படியில் பிழை பெருகுவது. இங்கே முதல் படியில் உண்மையிலேயே ஒரு சிறு பிழை இருக்கிறது. "குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது" என்பதை ஒருவர் அவசரமாக "சைல்ட் ஹேஸ் கோல்ட்" என்று எழுதுகிறார். சரியான ஆங்கிலத்தில் "எ கோல்ட்" என்று வர வேண்டும். அந்த ஓரெழுத்துச் சொல் விடுபட்டதை நம்மூரில் படிக்கும் யாரும் பிழையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொருள் புரிந்துவிடும். ஆனால் "கோல்ட்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஜலதோஷம் என்றும் பொருள், குளிர் என்றும் பொருள். இரண்டையும் பிரித்துக் காட்டும் வேலையில் ஒரு பங்கு அந்தச் சின்ன "எ"-க்கு இருக்கிறது. அது இல்லாததால் அடுத்தவர் குளிர் என்று எடுத்துக்கொண்டு "சலி" என்று தெலுங்கில் எழுதிவிடலாம். தெலுங்கில் சலி என்றால் குளிர். ஜலதோஷத்துக்கு அங்கே ஜலுபு என்று வேறு சொல். நம் சளியும் அவர்கள் சலியும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால், தமிழர் ஒருவர் சரிபார்த்தாலும் "சரியாகத்தான் வந்திருக்கிறது" என்று விட்டுவிடுவார். படிப்பவரோ குழந்தைக்குப் போர்வை போர்த்தச் சொல்வார். முதல் படியில் பொருட்படுத்தத் தேவையில்லாத இலக்கணப் பிசகு, இரண்டாம் படியில் பொருளையே மாற்றிவிட்டது.

இதற்கு எண்ணால் ஒரு கணக்கும் போடலாம். முதல் படியில் 100 வாக்கியத்தில் 90 சரியாக வருகிறது, இரண்டாம் படியிலும் அதே விகிதம் என்றால், கடைசியில் சரியாக நிற்பது 90-இல் 90 விழுக்காடு, அதாவது 81. பத்துப் பத்தாக இருந்த பிழை பத்தொன்பது ஆகிவிட்டது. மூன்று படி போனால் 73-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு படியின் பிழைக்கும் அடுத்த படியின் பிழைக்கும் தொடர்பே இல்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் கடினமான வாக்கியங்கள் இரண்டு படியிலும் தடுக்கும், அப்போது பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் மொத்த எண்ணிக்கை கொஞ்சம் குறையும். "கோல்ட்" போல ஒரு சிறு பிசகு அடுத்த படியில் பெரிதாகும்போது கூடும். எல்லாவற்றையும்விட, இரண்டு படியும் நூற்றுக்கு நூறு சரி என்றாலும் "நாம்" தொலைகிறது. இந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. 100 விழுக்காட்டை 100 விழுக்காட்டால் எத்தனை முறை பெருக்கினாலும் அது தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது

உங்கள் முன்னால் ஒரு மொழிபெயர்ப்பு இருக்கிறது. அது நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த மொழி உங்களுக்கு நன்றாகத் தெரியாவிட்டாலும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள். "நாம் நாளை கோயிலுக்குப் போகிறோம்", "நாங்கள் நாளை கோயிலுக்குப் போகிறோம்". இரண்டையும் தெலுங்குக்கு மாற்றுங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி வந்தால், தெலுங்கில் வேறுபாடு இருந்தும் வழியில் அது தொலைந்திருக்கிறது என்று பொருள். அப்புறம் சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று மாற்றிப் பாருங்கள். அப்புறம் நீ, நீங்கள்.

பலர் செய்யும் இன்னொரு சோதனை, மாற்றியதைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்ப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. "நாங்கள்" என்று எழுதுகிறீர்கள். ஆங்கிலத்தில் "வீ". தெலுங்கில், வழக்கமாக விழும் மேமு. திரும்பி வரும்போது மறுபடி "வீ". தமிழில், வழக்கமாக விழும் நாங்கள். போட்டது அப்படியே திரும்பி வந்ததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் நாங்கள் என்ற தகவல் போகும்போதும் தொலைந்தது, வரும்போதும் தொலைந்தது. இரண்டு முறையும் ஊகம் தற்செயலாகச் சரியான பக்கம் விழுந்தது, அவ்வளவுதான். எனவே திருப்பிப் பார்க்கும் சோதனையை எப்போதும் குறைவாக விழும் சொல்லை வைத்துச் செய்ய வேண்டும். நாங்கள் வேண்டாம், நாம் என்று போடுங்கள். மாமா வேண்டாம், சித்தப்பா என்று போடுங்கள். "அவர்" என்று வரும் இடத்தில் முந்தைய வரியில் ஒரு பெண்ணின் பெயரைப் போடுங்கள்.

இன்னொரு தடயம், ஆங்கிலச் சொல்லின் இரட்டைப் பொருள். தமிழில் வௌவாலும் மட்டையும் வேறு வேறு, தெலுங்கிலும் வேறு வேறு. வௌவால் பற்றி எழுதிய தமிழ் வரி, தெலுங்கில் கிரிக்கெட் மட்டையைப் பற்றிப் பேசினால், அது எந்த வழியாக வந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் "பேட்" என்று அழைக்கும் மொழி நடுவில் இருந்திருக்கிறது. வசந்த காலம் சுருள்கம்பியாவதும் அப்படித்தான், ஆங்கிலத்தில் இரண்டும் "ஸ்பிரிங்". மூலத்திலும் இல்லாமல் இலக்கு மொழியிலும் இல்லாமல், ஆங்கில அகராதியைத் திறந்தால் மட்டும் விளங்கும் பிழையைப் பார்த்தால் அதை ஆங்கிலத்தின் கைரேகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போதைய கணினி அமைப்புகளில் சில, படி எதுவும் இல்லாமல் நேராகவே தமிழிலிருந்து தெலுங்குக்கு மாற்றுகின்றன. 2020-இல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ஓர் அமைப்பு 100 மொழிகளுக்கு இடையே ஆங்கிலத்தின் உதவியின்றி மொழிபெயர்ப்பதற்காக உருவாக்கப்பட்டது. அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? முழுதாக இல்லை. நேராக மொழிபெயர்க்கும் இயந்திரமும் எதையாவது படித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். 2021-இல் வெளியான சமானந்தர் என்ற பெரிய தொகுப்பைப் பாருங்கள். 11 இந்திய மொழிகளுக்கு இடையிலான 55 இணைகளுக்கு மொத்தம் 8 கோடியே 34 லட்சம் வாக்கிய இணைகள் அதில் இருக்கின்றன. அவற்றை எப்படிச் சேர்த்தார்கள்? ஒரே ஆங்கில வாக்கியத்துக்கு ஒரு தமிழ் வடிவமும் ஒரு தெலுங்கு வடிவமும் இருந்தால், அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணையாக்கினார்கள். ஆங்கில வரியில் "வீ" இருந்திருக்கும். தமிழாக்கியவர் நாம் என்று எழுதியிருக்கலாம், தெலுங்காக்கியவர் மேமு என்று எழுதியிருக்கலாம். இப்படிப்பட்ட இணைகளைப் படிக்கும் இயந்திரம் நாம் என்றால் சில சமயம் மனம், சில சமயம் மேமு என்று கற்றுக்கொள்ளும். ஆங்கிலம் வழியிலிருந்து விலகிவிட்டது, பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்தத் தொகுப்பு பெரிய உழைப்பு, இது இல்லாமல் பல மொழிகளுக்கு ஒன்றுமே இருந்திருக்காது. அதனால்தான் "நேரடி" என்ற சொல்லை மட்டும் நம்பாமல், மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள் என்கிறேன்.

வேறு இடைமொழி வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவில் கன்னடத்தை வைத்தால் சித்தப்பா பிழைத்துவிடுவார், அங்கே சிக்கப்பா, தொட்டப்பா என்று தனித்தனியாக இருக்கிறார்கள். ஆனால் இன்றைய கன்னடத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் நாவு என்ற ஒரே சொல்தான். எனவே அழைப்பு அங்கேயும் அறிவிப்பாகிவிடலாம். மலையாளத்தை வைத்தால் நம்மள், ஞங்ஙள் என்று அந்த வேறுபாடு நிற்கும். ஆனால் இன்றைய மலையாளத்தில் வினைச்சொல் வந்தான், வந்தாள், வந்தார் என்று மாறாது, எல்லோருக்கும் வந்நு ஒன்றுதான். எழுவாயை விட்டுவிட்டுப் பேசினால் யார் வந்தது என்பது அங்கே தொலையும். இடைமொழி நெருங்கிய சொந்தமா என்பதைவிட, உங்கள் செய்திக்குத் தேவையான வேறுபாடு அந்த மொழியில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் ஆங்கிலம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால், அந்தக் குறுகிய வாசலுக்கு ஏற்றபடி தமிழையே கொஞ்சம் மாற்றி எழுதலாம். விகுதியிலும் ஒற்றைச் சொல்லிலும் மறைந்திருக்கும் தகவலை, ஆங்கிலம் சுமக்கக்கூடிய தனிச் சொற்களாகப் பிரித்து வெளியே வைப்பதுதான் முறை. "நாம்" என்பதற்குப் பதில் "நீங்களும் நாங்களும் சேர்ந்து". "சித்தப்பா" என்பதற்குப் பதில் "மாப்பிள்ளையின் அப்பாவுடைய தம்பி", அல்லது நேராக அவர் பெயர். "வேண்டாம்" என்பதற்குப் பதில் "தேவையில்லை". "அவர்" வரும் இடத்தில் பெயர். "நேத்தே" என்பதற்குப் பதில் "முன்கூட்டியே, நேற்று". மனிதர்கள் வழியாகப் போகும் மொழிபெயர்ப்பு என்றால் இன்னும் எளிது. முதல் மொழிபெயர்ப்பாளர் ஆங்கில வரியின் ஓரத்தில் "இந்த 'வீ'யில் கேட்பவரும் உண்டு" என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் போதும், இரண்டாமவர் ஊகிக்க வேண்டியதில்லை. முடிந்தால் தமிழ் மூலத்தையும் சேர்த்தே அனுப்புங்கள், சந்தேகம் வரும் இடத்தில் தமிழ் தெரிந்த யாரிடமாவது அவர் கேட்டுக்கொள்வார்.

சென்னை அம்மாவின் செய்தியை இந்த முறைப்படி எழுதினால் இப்படி வரும்: "நீங்களும் நாங்களும் சேர்ந்து வெள்ளிக்கிழமை திருப்பதி போகிறோம். மாப்பிள்ளையின் அப்பாவுடைய தம்பி முன்கூட்டியே, நேற்று டிக்கெட் எடுத்துவிட்டார். நீங்கள் சாப்பாடு கொண்டு வரத் தேவையில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் எல்லோரும் எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?" படிக்க இயல்பாக இல்லை, சம்பந்திக்கு எழுதும் கடிதம் போலவும் இல்லை. ஆனால் இது ஆங்கிலத்தில் நுழைந்து தெலுங்கில் வெளியே வரும்போது யார் போகிறார்கள், யார் டிக்கெட் எடுத்தார், சாப்பாடு கொண்டு வரத் தேவையில்லை என்பதெல்லாம் பத்திரமாக இருக்கும். கடைசி வரியில் ஆட்களைப் பலராக்கியதும் காரணத்தோடுதான். பலரைக் குறிக்கும் "யூ" தெலுங்கில் மீரு ஆகத்தான் முடியும், நுவ்வு ஆக முடியாது. இப்படிச் சுற்றி வளைத்து அந்த மரியாதையை ஓரளவு காப்பாற்றிவிடலாம். டிக்கெட் எடுத்தவருக்குரிய மரியாதைக்கு அப்படி ஒரு வழி எனக்குத் தெரிந்து இல்லை. "எடுத்துவிட்டார்" என்பதில் உள்ள அந்த "ஆர்" ஆங்கிலத்தில் எந்தச் சொல்லாகவும் ஆகாது. தெலுங்கில் அது தீசுகுன்னாரு என்று வருமா, தீசுகுன்னாடு என்று வருமா என்பது அப்போதும் ஊகம்தான். அனுப்புவதற்கு முன் அந்த ஒரு வினைச்சொல்லைத் தெலுங்கு தெரிந்த யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.